நேரில் வந்தால் அரை மணிக்கூறு

அந்தச் சிவப்பு வட்டம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அக்கா போட்டு அனுப்பியது. அவசரமாகப் போட்டிருக்க வேண்டும். வட்டம் முழுதாகச் சேரவில்லை, ஒரு பக்கம் வாய் திறந்திருந்தது. அதற்குள்ளே என் பெயர். நடுவில் இருக்க வேண்டிய ஓர் ஆங்கில எழுத்து இல்லை, கடைசியில் தேவையில்லாத ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே அக்கா எழுதியிருந்தார்: "டீச்சர், ஆதார்ல ஒரு மாதிரி, பேங்க்ல ஒரு மாதிரி இருக்கு. பி.எஃப் ஏத்துக்கிடாது. சரி பண்ணி அனுப்புங்க."

டீச்சர் என்று அவர் அழைத்ததை நான் முதலில் படித்தேன். தவறு இருக்கிறது என்பதை அப்புறம்தான் படித்தேன்.

பத்மநாபபுரத்துக்குப் போகும் சாலையில் ஒரு தனியார் பள்ளி. அரண்மனை பார்க்க வரும் சுற்றுலாப் பேருந்துகள் அதன் வாசலைத் தாண்டித்தான் போகும். நடுநிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக நல்ல புடவை கட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போனேன். மகளுக்கு அப்போது எட்டு மாதம். பி.எட். முடித்த கையோடு கல்யாணம், கல்யாணத்தோடு வயிறு, அப்படியே இரண்டு வருடம் ஓடியிருந்தது. எனக்கு இன்னும் இலக்கணம் சொல்லித்தர வருமா என்ற பயத்தோடுதான் நேர்காணல் அறைக்குள் போனேன். வந்தது. தாளாளர் சிரித்துக்கொண்டே, காகிதங்களை எல்லாம் கொடுங்கள், பள்ளி திறக்கும்போது வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றார்.

காகிதங்களில் ஒன்றுதான் பாஸ்புக்கின் முதல் பக்கம். எங்கள் வீட்டில் எல்லோருடைய பாஸ்புக்கும் மாமாவின் பொறுப்பில் இருக்கும். மாமா என்றால் என் கணவரின் அப்பா. அவருடைய அலமாரியில் ஒரு பிரவுன் பை, அதற்குள் நிலப்பத்திரம், ஞானஸ்நானச் சான்றிதழ்கள், எல்லோருடைய பாஸ்புக்கும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் என்னுடையதையும் வாங்கி உள்ளே வைத்தார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் அப்போது தோன்றவில்லை. பத்திரமாக இருக்கும் என்றே நினைத்தேன். எழுத்தர் அக்கா கேட்டபோது மகள் என் மடியில் பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தாள். எழுந்தால் விழித்துவிடுவாள். ஆகவே வங்கியின் செயலியைத் திறந்து, அதில் தெரியும் பாஸ்புக் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அதுதான் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது.

அந்தக் கணக்கு கல்லூரிக் காலத்தில் உதவித்தொகைக்காகத் தொடங்கியது. அஞ்சுகிராமத்துக் கிளை. என் அம்மா வீடு அந்தப் பக்கம். விண்ணப்பத்தில் நான் சரியாகத்தான் எழுதியிருப்பேன் என்று நம்புகிறேன், ஆனால் அப்போது எனக்குப் பதினெட்டு வயது, அவசரத்தில் நானே தப்பாக எழுதியிருக்கவும் கூடும். அத்தனை வருடம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தும் அது என் கண்ணில் படவில்லையே என்பதுதான் அன்றைக்கு என்னை அரித்தது.

சாயந்திரம் மாமாவிடம் சொன்னேன். வேலை கிடைத்ததை அவர் ஏற்கெனவே சபையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, "எனக்க மருமவ டீச்சராக்கும்" என்று ஒரு பெரியவரிடம் சொன்னதை நானே கேட்டேன். காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது. இப்போது மாமா என் கைபேசியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது ஒரு காரியமே இல்ல மக்ளே. நீ ஒரு லெட்டர் எழுதித் தா. அஞ்சுகிராமம் பேங்க்ல நம்ம பையன்லா இருக்கான்."

நம்ம பையன் என்றது மாமாவின் தம்பி முறைக்காரரின் மகனை. அந்தக் கிளையில் அலுவலர். எனக்கு உறவில் கொழுந்தன். நானே போய்க் கொடுத்துவிட்டு வருகிறேனே என்று சொல்லிப் பார்த்தேன். தக்கலையிலிருந்து நாகர்கோவில், அங்கிருந்து அஞ்சுகிராமம், இரண்டு பேருந்து. அம்மா வீட்டிலும் தலையைக் காட்டலாம்.

"கைப்பிள்ளையையும் தூக்கிட்டு வரிசையில நிப்பியா? ஆளு இல்லாதவன் போவட்டும் வரிசைக்கு. நமக்கு ஆளு இருக்கும்போ எதுக்கு?"

எங்கள் ஊரில் இந்தப் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, மின்வாரியம், எங்கே போவதானாலும் அங்கே நமக்கு யார் இருக்கிறார் என்றுதான் முதலில் தேடுவோம். ஆள் இருந்தும் அவரை விட்டுவிட்டு நேராகக் கவுண்டருக்குப் போனால் அது அவரை மதிக்காததாகிவிடும். நாளைக்கு ஒரு சாவு வீட்டில் பார்க்கும்போது, வந்தீங்களாமே, ஒரு வார்த்தை சொல்லலியே என்பார்கள். படித்தவள்தான் நான், ஆனால் இது எனக்கும் சரி என்றே பட்டது.

அன்று இரவே கடிதத்தைத் தொடங்கினேன். தமிழிலா ஆங்கிலத்திலா என்பதிலேயே குழப்பம். ஆங்கில ஆசிரியை ஆகப்போகிறவள் தமிழில் எழுதினால் தகுதியில்லாதவள் என்று நினைப்பார்களோ. ஆங்கிலத்தில் எழுதினால் திமிர் என்று நினைப்பார்களோ. கடைசியில் தமிழில் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், இடையில் கோடு. "பொருள்: சேமிப்புக் கணக்கில் என் பெயரில் உள்ள எழுத்துப் பிழையைத் திருத்தித் தர வேண்டுதல் தொடர்பாக." மதிப்பிற்குரிய ஐயா என்று எழுதிய பிறகு, மேலாளர் பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. ஐயா சாய்கோடு அம்மா என்று திருத்தினேன். அது அடித்தல் மாதிரி தெரிந்ததால் தாளையே மாற்றினேன்.

"தங்கள் கிளையில் நான் சேமிப்புக் கணக்கு வைத்துள்ளேன். பாஸ்புக்கில் என் பெயரின் ஆங்கில எழுத்துகள் என் ஆதார், பான் அட்டைகளில் உள்ளதிலிருந்து மாறுபடுகின்றன. அட்டைகளில் உள்ளபடி திருத்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." கணக்கு எண் எழுதினேன். தவறான பெயரும் சரியான பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக, பெரிய எழுத்தில். ஆதார் நகல், பான் நகல் இரண்டிலும் சுயசான்றிட்டேன். ஸ்கிரீன்ஷாட்டைத் தக்கலையில் ஒரு கணினிக் கடையில் அச்செடுத்தேன். சிவப்பு வட்டம் இருந்த படத்தைக் கொடுத்துவிட்டேன். கறுப்பு வெள்ளையில் அது சாம்பல் வளையமாக வந்தது. வட்டம் இல்லாத படத்தை மறுபடியும் எடுக்கலாமா என்று கடை வாசலில் நின்று யோசித்தேன். வேண்டாம், அவர்களுக்குக் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கையெழுத்து போடும்போதுதான் அதிகம் பயந்தேன். கல்லூரியில் நான் போட்ட கையெழுத்து வேறு மாதிரி, கடைசியில் ஒரு சுழிப்பு இருக்கும். பழைய மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டுமே என்று வேண்டாத தாளில் பலமுறை போட்டுப் பழகி, பிறகு கடிதத்தில் போட்டேன். மாமி, அதாவது என் மாமியார், அரிசி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்க கல்யாணத்துக்கே நான் ஒரு தடவைதான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அன்று அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறன்று அந்தப் பையன் ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் வருவதாகவும், அங்கே வைத்துக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லி மாமா கடிதத்தை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்து, "குடுத்தாச்சு" என்றார்.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அவர் என் வங்கிக் காரியத்துக்காகவும் ஜெபித்தார். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், பிறகு மாமாவின் ஜெபம். கத்தாரில் இருக்கும் என் கணவர், திருநெல்வேலியில் இருக்கும் நாத்தனார், நோயாளிகள், சபையின் கட்டட வேலை, எல்லாம் வரிசையாக வரும். அந்த வரிசையில் என் கணக்கும் சேர்ந்தது. "பிள்ளைக்க பேங்க் காரியத்த வாய்க்கப்பண்ணும் ஆண்டவரே." நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, மனசார ஆமென் சொன்னேன். ஒரு மாமனார் மருமகளின் பாஸ்புக்குக்காக முழங்காலில் நிற்கிறார். இப்படி யாருக்கு வாய்க்கும் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் போனது. செயலியைத் திறந்தால் பழைய பெயரே இருந்தது. மாமாவிடம் கேட்டேன்.

"அது நடக்கும் மக்ளே."

அடுத்த வாரமும் கேட்டேன். "பேங்க் காரியம்லா, பைய தான் நடக்கும்" என்றார். மெதுவாகத்தான் நடக்குமாம். அதற்கடுத்து ஒரு நாள், அந்தத் தம்பியின் நம்பர் தந்தால் நானே கேட்கிறேன் என்றேன். முகம் சுருங்கியது. "நாம ஒரு தடவ ஒரு காரியத்த ஒருத்தன்ட்ட ஒப்படைச்சா, பொறவு அவன அரிச்சிக்கிட்டு நிக்கப்பிடாது." அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். நான் கேட்ட விதம் மரியாதைக் குறைவாகிவிட்டதோ என்று அன்று முழுக்கப் பயந்தேன். அவருக்குப் பிடித்த மீன்குழம்பை மாமி வைத்தபோது நானே போய்ப் பரிமாறினேன்.

வேறொரு வங்கியில், தக்கலையிலேயே, புதுக் கணக்கு ஒன்று தொடங்கிவிடலாம் என்று ஒருமுறை தோன்றியது. அதையும் சொன்னேன். "இருக்கப்பட்ட கணக்க விட்டுட்டு புதுசு எதுக்கு? அவன் பாக்கான்லா" என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது. இப்போது நினைத்தால், என் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. எல்லாமே நியாயமாகப் பட்டது எனக்கு.

எழுத்தர் அக்கா பேசினார். என்னாச்சு டீச்சர் என்றார். கொடுத்திருக்கிறோம் அக்கா, அங்கே எங்கள் ஆள் இருக்கிறார் என்று பெருமையாகவே சொன்னேன். பள்ளி திறப்பதற்குள் வந்துவிட்டால் நல்லது, தாளாளர் எல்லாக் காகிதமும் இருந்தால்தான் நியமனக் கடிதம் தருவார், பட்டியலில் அடுத்து ஒருவர் இருக்கிறார் என்றார் அக்கா. பிறகு மறுபடியும் பேசினார். மூன்றாவது முறை அவர் எண்ணைப் பார்த்ததும் நான் எடுக்கவில்லை.

இரவுகளில் கடிதத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பேன். எங்கேயோ நான்தான் தவறு செய்திருக்கிறேன். சாம்பல் வளையம் போட்ட படத்தை வைத்தது மேலாளருக்கு எரிச்சலாக இருந்திருக்கும், அவருடைய தவறை நான் வட்டம் போட்டுக் காட்டின மாதிரி. கையெழுத்தில் சுழிப்பு பெரிதாகிவிட்டது. தாழ்மையுடன் என்று ஒரு தடவைதான் எழுதினேன். இன்னொரு கடிதம் எழுதினேன், இன்னும் பணிவாக. பிழை என்ற சொல்லையே எடுத்துவிட்டு, மாறுபாடு என்று போட்டேன். சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று சேர்த்தேன். அதையும் மாமாவிடம் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கணத்தை நான் இப்போது திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தாளை நான்காக மடித்தார்.

பள்ளி திறந்தது. நீலமும் வெள்ளையுமாகப் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தேன். கணவரிடம் அழுதேன். அவர் ஷிப்ட் முடிந்து களைப்பாக இருந்தார். "அப்பா பாத்துக்கிடுவா, நீ எதுக்கு வெப்ராளப்படுக?" என்றார்.

அம்மாவுக்கு முதுகுவலி என்று தகவல் வந்ததால் சில நாள் அங்கே போய் இருந்துவிட்டு வர அனுமதி கிடைத்தது. கிளம்புகிற அன்று மாமாவிடம், பாஸ்புக்கைத் தாருங்கள், பதிவு போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். பாதி உண்மைதான். மீதியைச் சொன்னால், நம்ம பையனை மீறிப் போகிறாயா என்பார் என்று சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் பிரவுன் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துத் தந்தார்.

மறுநாள் காலையில் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வங்கிக்குப் போனேன். வாழைக்குலை ஏற்றிய ஆட்டோக்கள் கடைவீதியை அடைத்துக்கொண்டு நின்றன. வங்கிக்குள் உரக்கடன், நகைக்கடன் என்று நல்ல கூட்டம். நான் போய் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் எழுந்து, "மைனி, எப்பம் வந்திய?" என்றார். கல்யாணத்தில் ஒருமுறை பார்த்த முகம். அந்தத் தம்பிதான். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை நம்பாமல் நேரில் வந்துவிட்டேன் என்று நினைப்பாரே என்று, மன்னிப்புக் கேட்கும் குரலிலேயே தொடங்கினேன். உங்களுக்கு வேலை அதிகமாக இருக்கும், கடிதம் வைத்த இடம் மறந்திருக்கும், நினைவுபடுத்தலாம் என்றுதான்...

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"எனக்க கையில லெட்டரே இல்லியே மைனி. பெரியப்பா கல்யாண வீட்டுல வச்சு நீட்டினா. நான் வாங்கிப் பாத்துட்டு, அப்பமே திருப்பிக் குடுத்துட்டேன். பேரு மாத்தணும்னா ஆளு நேர்ல வரணும், ஒரிஜினல் ஆதார் காட்டணும், விரல் வைக்கணும். வேற ஆளு கொண்டு குடுத்தா எடுக்க மாட்டோம். மைனிய வரச்சொல்லுங்க, அரை மணிக்கூறு வேலதான்னு சொல்லி விட்டேனே."

அவர் என் முகத்தைப் பார்த்து எதையோ புரிந்துகொண்டு, பேச்சை மென்மையாக்கினார்.

"பெரியப்பா சொன்னா, பிள்ள கைக்குழந்தையில்லா, அவ பைய வருவான்னு. நானும் அப்படித்தான்னு நெனச்சேன்."

பிறகு வேலையைத் தொடங்கினார். ஒரு படிவம் தந்தார். ஒரு வெள்ளைத் தாளும் தந்து, மேலாளருக்கு ஒரு வேண்டுகோள் எழுதுங்கள், கோப்புக்கு வேண்டும் என்றார். நான் கவுண்டரின் ஓரத்தில் நின்று எழுதினேன். மூன்று வரி. மதிப்பிற்குரிய, என்று தொடங்கி, சரியான பெயர், தவறான பெயர், திருத்தித் தரவும். தாழ்மையுடன் என்று எழுத மறந்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் வேண்டாமா என்று கேட்டதற்கு, எங்கள் கணினியிலேயே தெரிகிறதே மைனி, அது எதற்கு என்றார். கையெழுத்தைப் பழையதோடு ஒப்பிட்டார். ஒரே பார்வைதான். ஆதார், பான் அசல்களைப் பார்த்து நகல்களில் முத்திரை வைத்தார். விரல்ரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தேன், எடுக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், எடுக்கவில்லை. பிள்ளைத் துணி துவைத்துத் துவைத்து ரேகை தேய்ந்திருக்கும், நிறையப் பேருக்கு இப்படித்தான் என்று ஆட்காட்டி விரலை வைக்கச் சொன்னார். எடுத்தது. அவர் பதிந்ததை உள்ளே மேலாளர் தன் கணினியில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மேலாளர் பெண்தான். ஒரு முறை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு, விசைப்பலகையைத் தட்டினார். அவ்வளவுதான். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் புதிதாக அச்சிட்ட சீட்டை ஒட்டி, ஓரத்தில் முத்திரையிட்டுத் தந்தார்கள்.

அரை மணிக்கூறுகூட ஆகவில்லை.

வெளியே ஒரு மருந்துக்கடையின் நிழலில் நின்று அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தேன். ஸ்கிரீன்ஷாட் இல்லை, சரியான படம், முத்திரையோடு. எழுத்தர் அக்காவுக்கு அனுப்பிவிட்டு உடனே பேசினேன். அவர் நிறைய நேரம் கழித்து எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"டீச்சர்... போன வாரமே ஆர்டர் குடுத்தாச்சு. அடுத்த ஆளுக்கு. உங்களுக்கு மெசேஜ் போடணும்னு நெனச்சேன், மனசு வரல. அடுத்த வருஷம் பாப்போம், என்ன?"

சரி அக்கா என்றேன். நன்றி அக்கா என்றும் சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

அம்மா வீட்டில் இருந்த நாட்களில் மாமா எனக்குச் சொன்ன பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். குடுத்தாச்சு. அவர் கொடுத்தது உண்மை. திரும்ப வாங்கியதைத்தான் சொல்லவில்லை. அது நடக்கும். பைய தான் நடக்கும். அவன அரிச்சிக்கிட்டு நிக்கப்பிடாது. ஒன்றுகூடப் பொய் இல்லை. இரண்டாவது கடிதத்தை அவர் வாங்கி மடித்தபோதும் அவர் எதுவும் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு கேட்க எனக்கு ஒரு நுனி கிடைக்கவில்லை. ஒரு வேளை வயதின் மறதியோ, நேரில் வரவேண்டும் என்பதைச் சரியாகக் கேட்கவில்லையோ, நான்தான் பெரியவர் மேல் பழி போடுகிறேனோ என்று என் மனமே அவருக்காக வாதாடியது. அப்படி வாதாடிய மனத்தின் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

கணவரிடம் கேட்டேன். உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் எழுதினேன். நீல டிக் வந்தது. டைப் செய்கிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது: "பிள்ளைக்கு ஒரு வயசாவட்டும்னு அம்மா சொன்னா. அப்பா உனக்க நல்லதுக்குத்தான் செய்வா."

தக்கலை திரும்பினேன். அவர்களிடம் கேட்கத்தான் போனேன். பேருந்தில் சொற்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன், கடிதத்தை அடுக்கியதைப் போலவே. வீட்டுக்குள் நுழைந்ததும் மாமி மகளை வாங்கி முத்தமிட்டு, பிள்ளை மெலிஞ்சு போச்சே என்றார். மாமா பாஸ்புக்கைக் கேட்டார். கொடுத்தேன். முதல் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை ஏற்றி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"செரியாச்சில்லா."

"ஆச்சு மாமா. நான் நேர்ல போனேன். அரை மணிக்கூறு வேலைதானாம். அந்தத் தம்பி உங்கட்ட சொல்லியிருந்தாராம்."

அவர் நிமிரவில்லை. பாஸ்புக்கை மூடினார். சமையற்கட்டு வாசலிலிருந்து மாமிதான் பேசினார்.

"வேல எங்க ஓடிப்போவுது மக்ளே? பிள்ள நடக்கட்டு. நீ சோலிக்குப் போயிட்டு வாறது வர, பால் குடிக்கப்பட்ட பிள்ளய நான் என்ன செய்ய? உனட்ட வேண்டாம்னு சொன்னா நீ அழுவ. அதாக்கும்."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அது உண்மை. அழுதுவிட்டு, சண்டை போட்டிருப்பேன், அல்லது ஒத்துக்கொண்டிருப்பேன். எதுவானாலும் அது எனக்குத் தெரிந்து நடந்திருக்கும். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மகள் மாமியின் தோளிலிருந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்றிரவு ஜெபத்துக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். பாட்டு, அதிகாரம். மாமா முழங்காலில் நின்றார். கத்தார், திருநெல்வேலி, நோயாளிகள், கட்டட வேலை. பிறகு அவர் குரல் தழுதழுத்தது.

"பிள்ளைக்க பேங்க் காரியத்த வாய்க்கப்பண்ணினீரே, ஸ்தோத்திரம். வேலையையும் உம்முடைய வேளையில தருவீர் ஆண்டவரே."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. மகளின் உச்சந்தலையில் வாயை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து ஆமென் சொல்லலியே நீ."

துருவலில் ஓட்டின் கறுப்பு விழுந்துவிட்டது. பொறுக்கி எடுத்தேன்.

"சொன்னேன் மாமி" என்றேன். "பைய சொன்னேன்."